இருமிய பிறகு கண்ணின் வெள்ளையில் ரத்தச் சிவப்புத் திட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராத்திரி முழுக்க இருமல். காலையில் கண்ணாடியில் பார்த்தால் ஒரு கண்ணின் வெள்ளையில் ரத்தமாகத் திட்டு. வலியே இல்லை. பயப்படணுமா?

வலி இல்லை, பார்வை நேற்றுபோலவே தெளிவாக இருக்கிறது, கண்ணில் அடி எதுவும் படவில்லை என்றால் பயப்பட வேண்டியதில்லை. வெள்ளைப் பகுதியின் மேலே ஓடும் ஒரு நுண்ணிய ரத்த நாளம் இருமலின் வேகத்தில் உடைந்து, கொஞ்சம் ரத்தம் கசிந்திருக்கிறது. அது தானாகவே கரைந்துவிடும். கண் மருத்துவர்கள் இதை சப்கன்ஜங்டைவல் ஹெமரேஜ் என்று எழுதுவார்கள். பெயர்தான் மிரட்டும். கண்ணில் வரும் சிக்கல்களில் பார்க்க மிக மோசமாகவும் உள்ளே மிக சாதுவாகவும் இருப்பவற்றில் இதுவும் ஒன்று.

பலருக்கு இது வந்ததே தெரியாது. வீட்டில் யாராவது "கண்ணுல என்ன ரத்தம்?" என்று கேட்ட பிறகுதான் கண்ணாடியைத் தேடுவார்கள். அப்படித் தெரியாமல் இருந்ததே ஒரு நல்ல அறிகுறி. கண்ணுக்குள் ஆபத்தாக ஏதாவது நடந்திருந்தால் பெரும்பாலும் வலியோ மங்கலோ முதலில் உங்களுக்குத்தான் தெரிந்திருக்கும்.

கண்ணில் சரியாக எந்த இடத்தில் ரத்தம் நிற்கிறது?

கண்ணுக்குள் இல்லை, கண்ணின் மேல்பரப்பில். வெள்ளைப் பகுதி என்று நாம் பார்ப்பது தடிமனான, உறுதியான ஓடு. அதன் மேல் நிறமில்லாத மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. அதன் பெயர் கன்ஜங்டைவா. இந்தச் சவ்வு ஓட்டோடு இறுக ஒட்டியிருக்காது, தளர்வாகத்தான் இருக்கும். நீங்கள் கண்ணைத் தேய்க்கும்போது அது லேசாக நகர்வதும் அதனால்தான். உடைந்த நாளத்திலிருந்து வரும் ரத்தம் இந்த இரண்டுக்கும் நடுவே புகுந்துவிடுகிறது. பள்ளிக்கூட நோட்டு அட்டைக்கும் அதன் மேல் போட்ட பிளாஸ்டிக் உறைக்கும் இடையே ஒரு சொட்டு சிவப்பு மை போய்விட்டால் எப்படிப் பரவி நிற்குமோ, அப்படி. மை கொஞ்சம்தான், கறை பெரிதாகத் தெரியும்.

கருவிழியின் ஓரத்தில் மட்டும் சவ்வு இறுக ஒட்டியிருக்கும். அதனால் திட்டு அந்த வட்டக் கோட்டோடு நின்றுவிடும், கருவிழிக்குள் ஏறாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கருவிழிக்குள், அதாவது கறுப்பு வட்டத்தின் கீழ்ப்பகுதியில் ரத்தம் தேங்கியதுபோலத் தெரிந்தால் அது வேறு விஷயம், அன்றே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இருமினால் நெஞ்சுதானே அதிரும்? கண்ணில் ஏன் உடையுது?

இருமும்போது உடல் என்ன செய்கிறது என்று பார்த்தால் புரியும். முதலில் மூச்சை இழுக்கிறோம். பிறகு தொண்டையிலுள்ள குரல்வளை ஒரு கணம் மூடிக்கொள்ள, வயிற்றுத் தசையும் விலாத் தசையும் சேர்ந்து நெஞ்சை உள்ளே நெருக்குகின்றன. மூடிய அறைக்குள் காற்று நெருக்கப்பட்டு அழுத்தம் எகிறுகிறது. அடுத்த கணம் குரல்வளை திறந்து, காற்று வெடித்து வெளியேறுகிறது.

அந்த நெருக்கலின்போது தலையிலிருந்து இதயத்துக்குத் திரும்பி வர வேண்டிய ரத்தத்துக்கு நெஞ்சுக்குள் நுழைய வழி கிடைப்பதில்லை. கழுத்திலும் முகத்திலும் அது தேங்குகிறது. தொடர்ந்து இருமுகிறவரின் முகம் சிவந்து, கழுத்து நாளங்கள் புடைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே அழுத்தம் கண்ணின் நுண்ணிய நாளங்களுக்கும் போகிறது. கால் நாளங்களில் இருப்பதுபோல, பின்னோக்கி வரும் ரத்தத்தைத் தடுக்கும் வால்வுகள் கண் பக்கத்து நாளங்களில் அநேகமாக இல்லை. மற்ற இடங்களில் நாளத்தைச் சுற்றித் தசையும் கொழுப்பும் தோலும் அணைத்துப் பிடித்திருக்கும். கண்ணின் மேல் அந்தத் தளர்ந்த சவ்வைத் தவிர வேறு தாங்கல் எதுவும் கிடையாது.

ஒரு தடவை இருமுவதால் பெரும்பாலும் இது வராது. மூச்சு வாங்க இடைவெளி இல்லாமல் அடுக்கடுக்காக வரும் இருமல்தான் பெரும்பாலும் காரணம். பலமாக வாந்தி எடுத்தாலும், அடுக்குத் தும்மலிலும், மலச்சிக்கலில் முக்கினாலும், ஜிம்மில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கனமான எடையைத் தூக்கினாலும், பிரசவத்தில் முக்கும்போதும் இதே வழியில்தான் வருகிறது. வயது ஏற ஏற நாளத்தின் சுவர் எளிதில் உடையும், சவ்வும் இன்னும் தளரும். அதனால் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு சாதாரண இருமலே போதும். எந்தக் காரணமும் தெரியாமல், தூங்கி எழும்போதே திட்டோடு எழுகிறவர்களும் நிறைய உண்டு.

நேற்று கடுகளவுதான் இருந்தது. இன்று பாதிக் கண் சிவப்பு. பரவிக்கிட்டே போகுதா?

முதல் ஒன்றிரண்டு நாள் திட்டு பெரிதாகத் தெரிவது வழக்கமே. புதிதாக ரத்தம் கசிகிறது என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே கசிந்தது இமை மூடித் திறக்கும் அசைவில் சவ்வுக்கு அடியில் பரவுகிறது, நிற்கும்போதும் நடக்கும்போதும் கீழ்ப்பக்கம் இறங்குகிறது. சிலருக்குக் கருவிழியைச் சுற்றி முழு வளையமாகவே நிற்கும். பார்க்கிறவர்கள் பதறுவார்கள். ஆனால், அடிபடாத கண்ணில் வலியும் மங்கலும் இல்லாதவரை அதுவும் அதே திட்டுதான்.

நிறம் இவ்வளவு பளிச்சென்று இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. தோலுக்கு அடியில் ரத்தம் கட்டினால் நீலமாகக் கன்றிப்போகும். இங்கே மேலே இருக்கும் சவ்வு மிக மெல்லியது என்பதால் வெளிக்காற்றின் ஆக்சிஜன் ஊடுருவி ரத்தத்தைச் சேர்கிறது. அதனால் அது நாள் கணக்கில் புது ரத்தம்போலவே சிவந்து நிற்கும். பின்னால் இருக்கும் வெள்ளை அதை இன்னும் எடுத்துக் காட்டும்.

இரண்டு நாளுக்குப் பிறகும் திட்டு தொடர்ந்து பெருத்துக்கொண்டே போனால், அல்லது மறைந்துகொண்டு வந்த திட்டு திடீரென்று மறுபடி சிவந்தால், இருமல் அடங்கவில்லை, மறுபடியும் கசிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எத்தனை நாளில் போகும்?

சின்னத் திட்டு ஒரு வாரத்தில், நடுத்தரமானது இரண்டு வாரத்தில், பாதிக் கண்ணை மூடியது மூன்று வாரம் வரைக்கும். போகும்போது ஓரங்கள் முதலில் வெளுக்கும், சிவப்பு செம்மஞ்சளாகி, பிறகு வெறும் மஞ்சளாகும். மஞ்சளைப் பார்த்து மஞ்சள் காமாலை என்று பதற வேண்டாம். காமாலையில் இரண்டு கண்ணின் வெள்ளையும் முழுக்க ஒரே சீராக மஞ்சளிக்கும். இங்கே திட்டு இருந்த இடம் மட்டும்தான். மூன்று வாரம் கடந்தும் அப்படியே நின்றால் ஒருமுறை காட்டிவிடுங்கள். ரத்தக் கசிவுபோலத் தெரியும் வேறு சிவப்புகளும் உண்டு.

சீக்கிரம் மறைய சொட்டு மருந்து ஏதாவது போடலாமா?

கசிந்த ரத்தத்தைக் கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் கிடையாது. உடல்தான் அதை மெதுவாக உறிஞ்சிக்கொள்ள வேண்டும். திட்டு கொஞ்சம் மேடாக இருந்து, இமை அதன் மேல் உரசி மண் விழுந்ததுபோல் உறுத்தினால், செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு போடலாம். மருந்துக்கடையில் கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ் என்ற பெயரில் கிடைக்கும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை போட்டால் உறுத்தல் குறையும், அவ்வளவுதான். முதல் நாள் சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து மூடிய இமையின் மேல் கொஞ்ச நேரம் வைத்தாலும் இதமாக இருக்கும்.

நான் இங்கே கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. "கண் சிவந்திருக்கு" என்று சொன்னாலே சில மருந்துக்கடைகளில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன் என்று அட்டையில் இருந்தால் அது ஸ்டீராய்டு. இந்தத் திட்டுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. தொடர்ந்து போட்டால் சிலருக்குக் கண்ணின் உள் அழுத்தம் ஏறும், அது வலியில்லாமலே பார்வை நரம்பைக் கெடுக்கும். கண்ணில் ஹெர்பிஸ் கிருமி இருந்தால் கருவிழிப் புண்ணை மோசமாக்கும். ஆன்டிபயாடிக் சொட்டும் வேண்டியதில்லை, இங்கே கிருமியே இல்லை. கண்ணை வெளுப்பாகக் காட்டும் சொட்டுகள் நாளங்களைச் சுருக்குகிறவை. நாளத்துக்கு வெளியே வந்துவிட்ட ரத்தத்தை அவை ஒன்றும் செய்யாது.

தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைப் பூவின் சாறு பிழிவது, விளக்கெண்ணெய் ஊற்றுவது எல்லாம் வேண்டாம். தானாக ஆறக்கூடிய கண்ணில் கிருமியைக் கொண்டுபோய் விடுகிற வேலை அது. பத்து நாளில் தானாக மறைந்ததற்குப் பாராட்டு பூச்சாற்றுக்குப் போய்விடுகிறது என்பதுதான் இந்த வைத்தியங்கள் இத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்கும் ரகசியம்.

இது மெட்ராஸ் ஐயா? பிள்ளைகளுக்கு ஒட்டுமா?

ஒட்டாது. மெட்ராஸ் ஐயில் கண் முழுக்க இளஞ்சிவப்பாக இருக்கும், உற்றுப் பார்த்தால் சிவந்த நரம்பு நரம்பாகத் தெரியும். நீர் வடியும், பீளை கட்டும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், ஒன்றிரண்டு நாளில் மற்றக் கண்ணுக்கும் வரும். இங்கே ஒரு கண்ணில், ஓரம் தெளிவான, வண்ணம் பூசியதுபோன்ற ஒரே சீரான சிவப்பு. திட்டுக்கு வெளியே வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். பீளை இருக்காது.

ஒரு விதிவிலக்கு உண்டு. கண்நோய்க் கிருமிகளில் சில வகை சவ்வுக்கு அடியில் ரத்தக் கசிவையும் உண்டாக்கும். அதனால் திட்டோடு பீளை, உறுத்தல், காதுக்கு முன்னால் நெறி கட்டுதல் எல்லாம் இருந்தால் கண்நோய் என்று கருதி, துண்டு தலையணையைத் தனியாக வைத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

பிரஷர் ஏறித்தான் நரம்பு வெடிச்சிருக்குன்னு சொல்றாங்க. மூளையிலும் இப்படி வெடிக்குமா?

இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இந்தத் திட்டு மற்றவர்களைவிட அதிகம் வருகிறது என்பது உண்மை. ஆனால், திட்டு வந்த எல்லோருக்கும் பிபி இருக்கும் என்பதில்லை. மூளையில் ரத்தக் கசிவு வரப்போவதற்கு இது முன்னறிவிப்பும் இல்லை. இது மேல்பரப்பு நாளம், மூளை நாளங்களுக்கும் இதற்கும் நேரடி இணைப்பு கிடையாது.

ஆனாலும் ஒரு முறை பிபி பாருங்கள் என்பேன். பல ஆண்டுகளாகப் பார்க்காதவர்களுக்கு இது ஒரு சாக்கு. இருமி முடித்த கையோடு பார்க்காதீர்கள், கண்ணாடியைப் பார்த்துப் பதறிய கையோடும் வேண்டாம், ஏற்றமாகத்தான் காட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை மேசை மேல் இதய உயரத்தில் வைத்து, பேசாமல் இருந்து பார்க்க வேண்டும். ஒரு தடவை 140/90-ஐத் தாண்டியதற்காக மாத்திரை தொடங்க மாட்டார்கள், வேறு நாட்களில் மறுபடி பார்ப்பார்கள். 180/120-க்கு மேல் இருந்து, கூடவே கடும் தலைவலி, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், கை கால் மரத்துப்போதல் ஏதாவது இருந்தால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அப்போது கண் திட்டை மறந்துவிடுங்கள்.

அப்பாவுக்கு 61 வயது. போன வருஷம் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், ராமிப்ரில் சாப்பிடுகிறார். ரெண்டு மாசமா வறட்டு இருமல். இந்த ரெண்டு மாசத்தில் கண்ணில் திட்டு இது மூணாவது தடவை. ரத்தம் கட்டாம இருக்கிற மாத்திரையை நிறுத்திடலாமா?

நிறுத்தவே கூடாது. அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன். ஸ்டென்ட் வைத்தவர் இந்த மாத்திரைகளைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். கண்ணின் வெள்ளையில் ஒரு திட்டு, அந்த ஆபத்துக்கு ஈடாகாது. எப்போது எதைக் குறைப்பது என்பது ஸ்டென்ட் வைத்து எத்தனை மாதம் ஆனது என்பதைப் பொறுத்து இதய மருத்துவர் எடுக்கும் முடிவு.

இப்போது அப்பாவின் கதையைப் பிரித்துப் பார்ப்போம். ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெல்லும் நாளத்தை உடைப்பதில்லை. உடைந்த நாளம் அடைபடக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கவைக்கின்றன, அதனால் திட்டு பெரிதாகத் தெரிகிறது. வயது 61, நாளச் சுவர் கொஞ்சம் நொய்ந்திருக்கும். ஆனால், இவை எல்லாம் இந்த ரெண்டு மாதத்துக்கு முன்பும் இருந்தவைதானே? உடைக்கிற வேலையைச் செய்வது இருமல். அப்படியானால் கேட்க வேண்டியது, இருமல் எங்கிருந்து வந்தது என்பது.

ராமிப்ரில் இருக்கிறது பாருங்கள், அந்த மாத்திரைதான் எனக்கு முதலில் கண்ணில் படுகிறது. எனலாப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில் என்று "ப்ரில்" என்று முடியும் பிபி மாத்திரைகள் எல்லாம் ஒரே குடும்பம். உடலில் பிராடிகைனின் என்ற பொருள் உடைவதை இவை தடுப்பதால் அது மூச்சுக்குழாயில் சேர்ந்து, சிலருக்குத் தொண்டையில் அரிப்பும் வறட்டு இருமலும் கிளம்பும். சளி வராது, காய்ச்சல் வராது, ராத்திரியில் அதிகமாகும், எந்த இருமல் டானிக்குக்கும் அடங்காது. மாத்திரை ஆரம்பித்த சில நாளிலும் வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம். அதனால்தான் யாரும் மாத்திரையைச் சந்தேகிப்பதில்லை. பிபியைக் குறைக்கக் கொடுத்த மாத்திரையால் இருமல், அந்த இருமலால் கண்ணில் ரத்தம், அதைப் பார்த்து "பிபி ஏறிடுச்சு" என்று பயம். இந்த வட்டத்தை அடிக்கடி பார்க்கலாம்.

அதற்காக ராமிப்ரிலையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு அதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் போய், "ரெண்டு மாசமா வறட்டு இருமல், கண்ணில் மூணு தடவை ரத்தத் திட்டு" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். தனித்தனியாகச் சொன்னால் நுரையீரல் ஒருவரிடமும் கண் இன்னொருவரிடமும் போய்விடும், முடிச்சு அவிழாது. மாத்திரைதான் காரணம் என்று தோன்றினால் லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற "சார்டன்" குடும்ப மாத்திரைக்கு மாற்றுவார்கள். அவற்றில் இந்த இருமல் அரிது. மாற்றிய மறுநாளே இருமல் நின்றுவிடாது. ஒன்றிலிருந்து நாலு வாரம் ஆகும், சிலருக்கு மூன்று மாதம்கூட இழுக்கும். அதற்குள் "மாத்திரை மாற்றியும் பயனில்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இரண்டு மாத இருமல் என்பதால் நெஞ்சு எக்ஸ்ரேயும், சளி வந்தால் சளிப் பரிசோதனையும் எப்படியும் செய்வார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலே காசநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்பது நம் நாட்டு விதி, அரசு மருத்துவமனைகளில் இந்தச் சோதனை இலவசம். ராமிப்ரில் சாப்பிடுகிறவருக்கும் காசநோய் வரலாம், ஆஸ்துமா வரலாம், இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் சேர்ந்தும் இருமல் வரலாம். படுத்தால் இருமல் கூடுகிறது, கால் வீங்குகிறது என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

மூன்றாவது தடவை என்பதால் ரத்தப் பரிசோதனையும் நியாயமானதே: தட்டணுக்கள் எண்ணிக்கை, ரத்தம் உறையும் நேரம், சர்க்கரை. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம், காரணமில்லாமல் தோலில் கன்றிப்போன தடங்கள், கறுத்த மலம் இருந்தால் இந்தப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது. அப்பா வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வேறு வகை மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்திருந்தால், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை நான் முதல் நாளே பார்க்கச் சொல்லியிருப்பேன். பலருக்கு அது 2-க்கும் 3-க்கும் இடையே இருக்க வேண்டும். அதிகமாகிவிட்டால் சில நேரம் முதலில் தெரிவது கண்ணில்தான், அடுத்த கசிவு இவ்வளவு சாதுவான இடத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

இது சாதாரணத் திட்டுதான்னு வீட்டிலேயே எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். ஒரு கண்ணை மூடி, எதிர்ச் சுவரில் இருக்கும் காலண்டரை மற்றக் கண்ணால் படியுங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். வழக்கமாகக் கண்ணாடி போடுகிறவர் என்றால் போட்டுக்கொண்டே படியுங்கள். திட்டு உள்ள கண்ணில் பார்வை முன்பைவிட மங்கலாக இருந்தால் அது சாதாரணத் திட்டு என்று விட்டுவிட முடியாது.

அடுத்து வெளிச்சத்தைப் பாருங்கள். கண் கூசி மூடிக்கொள்ளத் தோன்றினால், கண்ணுக்குள் ஆழமான வலி இருந்தால், கருவிழியை ஒட்டி ஊதா கலந்த சிவப்பு வளையம் தெரிந்தால், அது கண்ணுக்குள் அழற்சியாக இருக்கலாம். கடும் வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வட்டம் என்றால் கண் அழுத்தம் திடீரென ஏறியிருக்கலாம், அதற்கு சில மணி நேரம்கூடக் காத்திருக்க முடியாது.

அடிபட்ட கண் என்றால் கணக்கே வேறு. இருமலும் இருந்தது, முந்தின நாள் கிரிக்கெட் பந்தும் பட்டது என்றால் பந்தைத்தான் காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டும். திட்டு தடித்து உப்பிப்போய் வளையமாக நின்றால், அடியில் இருக்கும் ஓடே கிழிந்திருக்கலாம். அந்தக் கண்ணை அழுத்தவோ கழுவவோ தேய்க்கவோ கூடாது, சொட்டு மருந்தும் கூடாது. தலையில் அடிபட்டவருக்குத் திட்டு வந்து, அவர் மூக்குப் பக்கம் பார்த்தாலும் காதுப் பக்கம் பார்த்தாலும் திட்டின் பின்னோரம் முடிகிற இடமே தெரியவில்லை என்றால், ரத்தம் பின்னாலிருந்து வந்திருக்கலாம், மண்டை ஓட்டில் விரிசல் இருக்கக்கூடும். இரும்பு வெட்டும்போது, வெல்டிங் செய்யும்போது ஏதோ தெறித்தது என்றாலும் அன்றே காட்டுங்கள்.

இருமலோடு காய்ச்சலும் இருக்கு. ரெண்டு கண்ணிலும் சிவப்பு. அதுவும் இதுதானா?

இரண்டு கண்ணிலும் காய்ச்சலோடு வந்தால் "இருமினதால் வந்தது" என்று சுலபமாக முடித்துவிடாதீர்கள். மழைக்காலத்தில் டெங்கு உண்டு. தட்டணுக்கள் குறைந்தால் கண்ணிலும் கசியலாம். தோலில் அழுத்தினால் மறையாத சிவப்புப் புள்ளிகள், ஈறில் ரத்தம், தொடர்ந்த வாந்தி, வயிற்று வலி இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்தான், ஐபுப்ரோஃபென் வேண்டாம். வெள்ள நீரிலோ வயல் சேற்றிலோ இறங்கி வேலை செய்தவருக்குக் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால் எலிக்காய்ச்சலையும் மருத்துவரிடம் சொல்லிக் கேளுங்கள்.

நாலு மாசக் குழந்தை விடாமல் இருமுறா. இரண்டு கண்ணிலும் ரத்தத் திட்டு. என்ன செய்யறது?

பெரியவர்களுக்குச் சொன்ன ஆறுதல் இங்கே செல்லாது. இன்றே குழந்தை மருத்துவரிடம் போங்கள். கைக்குழந்தைக்குக் கண்ணில் ரத்தம் கசியும் அளவுக்கு இருமல் என்றால் முதலில் நினைக்க வேண்டியது கக்குவான் இருமல். பெரிய பிள்ளைகளுக்கு இருமி முடித்து மூச்சு இழுக்கும்போது "ஊப்" என்று சத்தம் வரும். இந்த வயதில் அது வராமலே, முகம் நீலம் பாரித்து, சில விநாடி மூச்சு நிற்கலாம். அப்படி ஒரு தடவை நடந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். 6, 10, 14 வாரத்தில் போடும் பென்டாவேலன்ட் தடுப்பூசியில் கக்குவானுக்கான மருந்தும் இருக்கிறது. எத்தனை தவணை போட்டாயிற்று என்று தடுப்பூசி அட்டையை எடுத்துப்போங்கள். இருமலோ வாந்தியோ இல்லாமல் கைக்குழந்தையின் கண்ணில் இப்படித் திட்டு தெரிந்தாலும் காட்டியே ஆக வேண்டும். விழுந்ததோ, யாராவது முரட்டுத்தனமாகக் கையாண்டதோ என்று மருத்துவர் கேட்பார். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள், கேட்பது அவர் கடமை.

பிறந்த குழந்தையின் கண்ணில் பிறந்த அன்றே தெரியும் திட்டு வேறு. பிரசவத்தின் அழுத்தத்தில் வருவது, இரண்டு வாரத்தில் போய்விடும்.

தலைக்குக் குளிக்கலாமா? ஃபோன் பார்க்கலாமா? ஃப்ளைட்டில் போகலாமா?

எல்லாம் செய்யலாம். கான்டாக்ட் லென்ஸ் மட்டும் திட்டு மறையும்வரை வேண்டாம். கண்ணைத் தேய்க்காதீர்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை தூக்குவதைச் சில நாள் தள்ளிவையுங்கள். மலச்சிக்கல் இருந்தால் அதையும் கவனியுங்கள், இருமல் நின்ற பிறகும் சிலருக்குத் திட்டு திரும்ப வருவது இதனால்தான். வறட்டு இருமலுக்குப் படுக்கும்முன் ஒரு கரண்டி தேன் உதவும், ஆனால் ஒரு வயதுக்குக் கீழே தேன் கொடுக்கக் கூடாது.

கண் டாக்டரிடம் போனால் என்ன பார்ப்பார்?

முதலில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிப் பார்வை பார்ப்பார்கள். பிறகு தாடையைத் தாங்கியில் வைத்து, ஸ்லிட் லேம்ப் என்ற உருப்பெருக்கியால் திட்டின் ஓரங்களையும் கருவிழியையும் அதன் பின்னால் இருக்கும் அறையையும் பார்ப்பார்கள். உறுத்தல் இருக்கிறது என்றால் ஆரஞ்சு நிறச் சாயச் சொட்டு விட்டு, நீல வெளிச்சத்தில் கீறல் இருக்கிறதா என்று தேடுவார்கள். கண் அழுத்தமும் பிபியும் பார்ப்பார்கள். இருமியதால் வந்த சாதாரணத் திட்டுக்கு அதோடு முடிந்துவிடும், ஸ்கேன் எதுவும் தேவைப்படாது. ரத்தம் கசிந்த முதல் நாள் ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் அதையும் காட்டுங்கள், போகும்போது திட்டு பாதி மறைந்திருக்கலாம். அடிபட்டிருந்தாலோ சர்க்கரை நோய் இருந்தாலோ விழித்திரையைப் பார்ப்பதற்காகக் கண்மணியை விரிக்கும் சொட்டு விடுவார்கள். நாலைந்து மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும். அதனால் பைக்கில் தனியாகப் போகாமல், திரும்ப அழைத்து வர யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.